வால்நுனியில் இருக்கிறது உண்மை: போலி விசா தளங்களிலிருந்து அசல் தளத்துக்கு

வியட்நாமுக்குச் சுற்றுலா போகும் இந்தியர், ஒருமுறை நுழைவதற்கான இ-விசாவுக்கு அந்நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டியது 25 அமெரிக்க டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,250 ரூபாய். இதே விசாவுக்கு ஐயாயிரம், ஏழாயிரம் என்று கட்டிவிட்டு, 'அங்கே அரசாங்கக் கட்டணமே அவ்வளவுதான்' என்று நம்பிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. விசா வந்ததா என்று கேட்டால் வந்தது என்பார்கள். விமான நிலையத்தில் பிரச்சினை இருந்ததா என்றால் இல்லை என்பார்கள். ஏமாந்தவருக்கே தான் ஏமாந்தது தெரியாது என்பதால்தான் இந்த வியாபாரம் இத்தனை ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கிறது.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதன்பிறகு வியட்நாம் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. தூதரகத்துக்குப் போக வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்ப வேண்டாம், வீட்டிலிருந்தே இ-விசா எடுத்துவிடலாம். ஆனால் கைபேசியில் 'வியட்நாம் விசா' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்நாட்டு அரசின் தளமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வியட்நாமை உதாரணமாக எடுத்துக்கொண்டு, இந்தப் போலிகள் எப்படி வேலை செய்கின்றன, அசல் தளத்தை எப்படிப் போய்ச் சேர்வது என்று பார்ப்போம்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர்

இந்தத் தளங்களில் பெரும்பாலானவை பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுபவை அல்ல. அவை செய்வது எளிமையான வேலை. அரசுத் தளத்தைப் போலவே கொடி, சின்னம், நிறம் என்று ஒரு பக்கத்தை அமைக்கிறார்கள். அதே கேள்விகளோடு ஒரு படிவம் வைக்கிறார்கள். நீங்கள் நிரப்பிக் கொடுத்த விவரங்களை, அந்த அலுவலகத்தில் ஒருவர் உண்மையான அரசுத் தளத்தில் அப்படியே பதிவு செய்கிறார். அரசுக்கு 25 டாலர் போகிறது. நீங்கள் கட்டியதில் மீதியெல்லாம் அவர்களுக்கு. விசா வந்ததும் அதை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நம் தெருமுனைப் பயண ஏஜென்டும் சேவைக் கட்டணம் வாங்கத்தானே செய்கிறார், இதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஏஜென்ட் தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்கிறார். 'விசாவுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு' என்று கேட்டால் பிரித்துச் சொல்லுவார். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். இந்தத் தளங்கள் விற்பதோ, தாங்கள்தான் அரசாங்கம் என்ற தோற்றத்தை. தனியார் நிறுவனம், அரசோடு தொடர்பில்லை என்ற வாசகம் பல தளங்களில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும். வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கு மட்டும் பயன்படும் வாசகம் அது.

அப்படியிருந்தும் சிலர் சிக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2011 முதல் 2014 வரை ஒரு கும்பல், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ் போன்ற அரசு சேவைகளின் தளங்களைப் போலவே தளங்கள் அமைத்துக் கூடுதல் பணம் வசூலித்தது. அமெரிக்கா, கம்போடியா, இலங்கை, துருக்கி, வியட்நாம் ஆகிய நாடுகளின் விசா தளங்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மொத்தம் 3 கோடியே 70 லட்சம் பவுண்டு மோசடி என்று கணக்கிடப்பட்ட அந்த வழக்கில், 2018-இல் ஆறு பேருக்கும் சேர்த்து 35 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒவ்வொருவரிடமும் பறித்தது சிறு தொகைதான். சிறு தொகைக்கு யாரும் காவல் நிலையம் போவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் முதலீடே.

நான்கு பேர் குடும்பம், ஒரு கணக்கு

திருச்சியிலிருந்து ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகளோடு வியட்நாம் போகத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அப்பா கைபேசியில் விசாவைத் தேடுகிறார். மேலே வரும் முதல் இரண்டு மூன்று முடிவுகளின் தலைப்பில் `Sponsored` என்று சிறிதாக எழுதியிருக்கிறது. அது காசு கொடுத்துப் பிடித்த இடம். அரசு சேவைகளின் பெயரில் மற்றவர்கள் விளம்பரம் தருவதற்குக் கூகுளில் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் அதைத் தாண்டி நுழைபவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே வந்தாலும், வழிகாட்டிக் கட்டுரைகள் போல எழுதிவைத்து இத்தகைய தளங்களுக்கு அனுப்பிவிடும் பக்கங்கள் வரிசையாக நிற்கும்.

அவர் முதல் முடிவைத் தொடுகிறார். சிவப்புக் கொடி, மஞ்சள் நட்சத்திரம். படிவம் அழகாக இருக்கிறது. பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பயணத் தேதி எல்லாம் கொடுத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் புகைப்படத்தையும் ஏற்றுகிறார். நான்கு பேருக்கும் நிரப்ப ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. அதுவரை கட்டணம் எவ்வளவு என்று எங்கும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் தொகை வருகிறது. ஆளுக்கு 25 டாலர் அரசுக் கட்டணம், 45 டாலர் சேவைக் கட்டணம். 'சீக்கிரம் வேண்டுமென்றால்' என்று இன்னொரு கட்டமும் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டாலும் ஆளுக்கு 70 டாலர். நான்கு பேருக்கு 280 டாலர், அதாவது ஏறத்தாழ 25,000 ரூபாய். அரசுத் தளத்தில் நேராகப் போயிருந்தால் 100 டாலர், 9,000 ரூபாயில் முடிந்திருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பியவருக்கு அதை விட்டுவிட்டு வேறு இடம் தேட மனம் வராது. கட்டணத்தைக் கடைசியில் வைப்பதன் காரணம் அதுதான்.

பணம் கட்டும்போது இன்னொரு விஷயம் நடக்கிறது. நம் நாட்டுத் தளங்களில் கார்டு எண் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். வெளிநாட்டுத் தளங்களில் அது வராமலே பணம் போய்விடக்கூடும். 'ஓ.டி.பி. வந்தால் யோசிக்கலாம்' என்று காத்திருப்பவருக்கு யோசிக்க நேரமே கிடைக்காது.

கூடுதலாகப் போன 16,000 ரூபாயோடு கதை முடிந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய ஆபத்து பெயரில் இருக்கிறது. தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் பலருக்குக் காலியாக இருக்கும். சிலருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும். சிலருக்கு இன்ஷியல் விரிந்து முழுப்பெயராக நிற்கும். எங்கோ உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனையோ படிவம் நிரப்புகிறவர், காலியாக இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்றைப் போட்டு வைப்பார், அல்லது பெயரை முன்பின்னாக மாற்றிவிடுவார். விசாவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால், திருச்சி விமான நிலையத்திலேயே விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். அப்போது புதிதாக விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். வியட்நாம் இ-விசாவுக்குக் கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வராது.

மின்னஞ்சல் முகவரியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசுத் தளத்தில் விண்ணப்பித்ததும் ஒரு பதிவு எண் தருவார்கள். அந்த எண், விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் கொடுத்தால்தான் விசா என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும், வந்த விசாவை இறக்கிக்கொள்ளவும் முடியும். நடுவில் இருப்பவர் விண்ணப்பத்தில் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், உங்கள் விசாவின் சாவி அவர் கையில். அவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டால், அரசுத் தளத்துக்கு நேராகப் போனாலும் உங்களால் எதையும் பார்க்க முடியாது.

இது வேலையை ஒழுங்காகச் செய்யும் இடைத்தரகரின் கதை. பணத்தை வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விடுகிறவர்களும், கணினியில் தயாரித்த போலி விசாவை அனுப்பி வைப்பவர்களும் இதே வேடத்தில்தான் வருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவர் எந்த வகை என்று சொல்ல வழியில்லை.

பூட்டுச் சின்னம் எதைச் சொல்கிறது?

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா, `https` என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நமக்கு நெடுநாளாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தத் தளம் யாருடையது என்பதற்கு அது சாட்சி அல்ல. அந்தச் சான்றிதழ் இன்று யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. திருடனிடம் நீங்கள் பேசுவதையும் அது பத்திரமாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கொடி, அரசுச் சின்னம், வாடிக்கையாளர் போட்ட ஐந்து நட்சத்திரம், பெயரிலேயே 'அஃபிஷியல்' என்ற சொல், இவை எதுவும் சான்றாகாது. சொல்லப்போனால் பல நாடுகளின் அசல் அரசுத் தளங்கள் பார்ப்பதற்குச் சுமாராக, மெதுவாக, எழுத்து நெருக்கமாக இருக்கும். போலித் தளம்தான் பளிச்சென்று இருக்கும். அரசுத் தளத்தில் உரையாடல் பெட்டி திறந்து 'உதவி வேண்டுமா' என்று கேட்பது குறைவு. 'இன்னும் பத்து நிமிடத்தில் இந்தக் கட்டணம் முடிந்துவிடும்' என்று கடிகாரம் ஓடாது. வியட்நாம் அரசின் படிவத்தில் 'அவசரம்' என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டும் இடமே கிடையாது. சாதாரணமாக மூன்று வேலை நாள். அந்த நாட்டு விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் கூடும். அவசரத்துக்குத் தனி விலை கேட்கும் பக்கத்தைப் பார்த்தாலே அது அரசுத் தளம் இல்லை என்று முடிவு கட்டிவிடலாம்.

முகவரியை வலமிருந்து படியுங்கள்

ஏமாற்ற முடியாத இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது முகவரியின் கடைசித் துண்டு. வியட்நாம் இ-விசாவின் அசல் முகவரி இது:

```
https://evisa.gov.vn/
```

இதில் `https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை உள்ளதுதான் தளத்தின் பெயர். அதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். கடைசியில் `.vn`, அதாவது வியட்நாம். அதற்கு முன் `gov`, அதாவது அரசு. இந்த இரண்டும் ஒட்டி `.gov.vn` என்று முடியும் பெயரை அந்நாட்டு அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். இனி கீழே உள்ள இரண்டையும் பாருங்கள். `example` என்ற இடத்தில் போலித் தளத்தின் பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

```
https://evisa.gov.vn.example.com/
https://evisa-gov-vn.example/
```

முதலாவதில் `evisa.gov.vn` என்று முழுதாகவே இருக்கிறது. ஆனால் பெயர் அங்கே முடியவில்லை. முடிவது `example.com` என்பதில். அப்படியென்றால் இந்தத் தளத்தின் சொந்தக்காரர் அந்தப் பெயரை வாங்கியவர். முன்னால் எத்தனை சொல்லை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். மதுரையில் இருக்கும் 'சென்னை ஓட்டல்' மதுரையில்தான் இருக்கிறது. இரண்டாவதில் புள்ளிகளுக்குப் பதில் சிறுகோடு போட்டிருக்கிறார்கள். சிறுகோடு சொற்களை ஒட்டுமே தவிர, அரசு என்ற உரிமையைத் தராது.

கைபேசித் திரையில் நீளமான முகவரி முழுதாகத் தெரியாது. வால்பகுதி மறைந்து, முன்னால் உள்ள `evisa.gov` மட்டும் கண்ணில் படலாம். அதனால் முகவரிப் பட்டியை ஒருமுறை தொட்டு, முழு முகவரியையும் பார்த்த பிறகே விவரம் கொடுங்கள். முடிந்தால் இந்த வேலையைக் கணினியில் செய்வது நல்லது.

நாட்டுக்கு நாடு இந்த வால் கொஞ்சம் மாறும். சிங்கப்பூருக்கு `.gov.sg`, மலேசியாவுக்கு `.gov.my`, இலங்கைக்கு `.gov.lk`, பிரிட்டனுக்கு `.gov.uk`. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் `gov` என்று எழுதுவதில்லை. அங்கே `.go.th`, `.go.id`. நம் நாட்டுக்கு `.gov.in`. வெறுமனே `.in`, `.org`, `.com` என்று முடியும் பெயர்களைச் சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். `.org` என்று இருந்தால் ஏதோ பொது அமைப்பு என்று நினைப்பதும் தவறு.

வால் மட்டும் போதாத இடங்கள்

இந்தப் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அரசே வெளியாரிடம் வேலையை ஒப்படைத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு இந்தியாவில் விண்ணப்பம் வாங்குவது வி.எஃப்.எஸ். போன்ற தனியார் மையங்கள்தான். அவற்றின் தளம் `.com` என்றுதான் முடியும், ஆனாலும் அசல். சிங்கப்பூர் இன்னொரு விதம். இந்தியர்கள் சுற்றுலா விசாவுக்குப் பொதுவாகத் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்டுகள் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்குப் போகும் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஏஜென்ட் வாங்குவது அவருடைய சேவைக் கட்டணம். இங்கே ஏஜென்ட் இருப்பது தவறல்ல. அவர் பெயர் தூதரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அசல் தளத்தின் முகவரியே மாறுவதும் உண்டு. வியட்நாம் இ-விசா பல ஆண்டுகள் வேறொரு நீளமான முகவரியில் இயங்கியது. 2024 நவம்பரில்தான் `evisa.gov.vn` என்ற சுருக்கமான முகவரிக்கு வந்தது. இலங்கையில் நடந்தது இன்னும் குழப்பம். பல ஆண்டுகளாக `eta.gov.lk` என்ற தளத்தில் கொடுத்துவந்த அனுமதியை, 2024 ஏப்ரலில் வெளிநாட்டுத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். `.gov` இல்லாத புதிய முகவரி வந்தது. சேவைக் கட்டணங்கள் சேர்ந்ததில் பல நாட்டவருக்கு மொத்தம் 100 டாலரைத் தாண்டியது. எதிர்ப்பு கிளம்பி வழக்காகி, அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. செப்டம்பர் கடைசியில் பழைய `eta.gov.lk` மீண்டும் வந்தது. அந்தச் சில மாதங்களில் ஒரு பயணி எது அரசு, எது போலி என்று வாலை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. போன வருடம் போய்வந்த உறவினர் அனுப்பிய லிங்க்கூட இதே காரணத்தால் பழையதாகிப் போயிருக்கலாம்.

தூதரகத்திலிருந்து தொடங்குங்கள்

ஆகவே தேடுபொறியிலிருந்து தொடங்காமல், தூதரகத்திலிருந்து தொடங்குவதுதான் நம்பகமான வழி. நீங்கள் போகும் நாட்டின் இந்தியத் தூதரகம் எது என்று முதலில் பாருங்கள். வியட்நாமுக்கு டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆகிய நாடுகளுக்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. அந்தத் தூதரகத் தளத்தின் முகவரியையும் வலமிருந்து படித்து, அந்நாட்டு அரசின் வால் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விசா பக்கத்தில் எந்த லிங்க் கொடுத்திருக்கிறார்களோ, அதன் வழியாக மட்டும் விசா தளத்துக்குப் போங்கள். அது தனியார் மையமாக இருந்தாலும் அரசே கைகாட்டியது என்பதால் நம்பலாம். இந்த வழியில் வந்து சேர்ந்த முகவரியை அடுத்த முறைக்குக் குறித்து வைத்துக்கொண்டாலும், புறப்படும்முன் தூதரகப் பக்கத்தை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

தளத்துக்குள் போனதும், படிவத்தைத் தொடும் முன் கட்டணத்தைத் தேடுங்கள். தூதரகம் சொல்லும் தொகையும் இந்தத் தளம் கேட்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கி சேர்க்கும் சிறு கட்டணம் தவிர வேறு வித்தியாசம் வரக்கூடாது. வியட்நாமுக்கு ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். இரண்டுக்கும் அதிகபட்சம் 90 நாள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது தொகை திரையில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படிவம் நிரப்பும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கண்ணெதிரே விரித்து வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக அதில் உள்ளபடியே எழுதுங்கள். அடியில் `<<<` குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகள்தான் விமான நிலையக் கருவி படிப்பது. சந்தேகம் வந்தால் அந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு எண் வந்ததும் அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விசா வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பயண நாட்கள் நான்கையும் சரிபார்த்துவிட்டுத்தான் அச்சிட வேண்டும்.

இலவசத்துக்கே விலை வைப்பவர்கள்

விசாவுக்கு மேல் பணம் வாங்குவது ஒரு பக்கம். காசே இல்லாததற்குக் காசு வாங்குவது இன்னொரு பக்கம். விமானத்தில் கொடுத்து நிரப்பச் சொன்ன வருகை அட்டையைப் பல நாடுகள் இப்போது இணையத்துக்கு மாற்றிவிட்டன. சிங்கப்பூரின் எஸ்.ஜி. வருகை அட்டை, மலேசியாவின் எம்.டி.ஏ.சி., 2025 மே 1 முதல் தாய்லாந்தின் டி.டி.ஏ.சி. மூன்றும் முழுக்க இலவசம். மூன்றையும் ஊர் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இவை விசா அல்ல. விசா தேவைப்படுகிறவருக்கு இவை மட்டும் போதாது.

புறப்படும் பரபரப்பில் கடைசி நேரத்தில் இதைத் தேடுகிறோம் என்பது போலிகளுக்குத் தெரியும். அதனால் இந்த அட்டைகளின் பெயரிலும் தளங்கள் முளைத்திருக்கின்றன. வருகை அட்டைக்கு ஒரு ரூபாய் கேட்டாலும் அந்தப் பக்கம் போலி. அசல் முகவரிகள் இவை:

```
eservices.ica.gov.sg/sgarrivalcard
imigresen-online.imi.gov.my/mdac/main
tdac.immigration.go.th
```

லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் கல்யாணத்துக்கு வருகிற உறவினர்களுக்கும் இதே தொல்லை இருக்கிறது. இந்திய இ-விசாவின் பெயரில் இயங்கும் போலித் தளங்கள் ஏராளம். அவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பும்போதே `indianvisaonline.gov.in` என்ற முகவரியையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். நம் பாஸ்போர்ட் தளத்துக்கும் இதே கதைதான். அசல் `passportindia.gov.in`. அதைப் போன்ற பெயர்களில் `.org`, `.in`, `.com` என்று முடியும் போலிகளைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

பணம் கட்டிவிட்டால்

கட்டிய சில நிமிடங்களிலேயே சந்தேகம் வந்துவிட்டால், முதலில் அந்தப் பக்கத்தையும், கட்டண விவரத்தையும், அடியில் உள்ள பொடி எழுத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளை அந்தப் பக்கமே மாறியிருக்கலாம். பிறகு, விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள் என்று அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ஏற்கெனவே அரசுத் தளத்தில் அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தால், பதிவு எண்ணையும் அதில் கொடுத்த மின்னஞ்சலையும் கேட்டு வாங்குங்கள். அவற்றை வைத்து அரசுத் தளத்தில் தேடினால், உண்மையிலேயே விண்ணப்பித்தார்களா என்பது தெரிந்துவிடும்.

கார்டில் பணம் போயிருந்தால் வங்கியை அழைத்து, அந்தக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வங்கிச் செயலியில் நீங்களே நிறுத்திக்கொள்ளவும் முடியும். இந்தத் தொகையை எதிர்த்து முறையீடு செய்ய விரும்புவதாக எழுத்தில் கொடுங்கள். பணம் திரும்பி வருவது எளிதல்ல. கார்டு எண்ணை நீங்களே கொடுத்தீர்கள், விசாவும் வந்துவிட்டது, பொடி எழுத்தில் உண்மையும் எழுதியிருந்தது என்று அவர்கள் வாதாடுவார்கள். விசாவே வராத, அல்லது போலி விசா வந்த வழக்குகளில் வாய்ப்பு அதிகம். அப்படியானால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்து, `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல் வெளியே போய்விட்டது என்பதை மட்டும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் பின்னால் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகச் சொல்லிக்கொண்டே 'குடியேற்ற அதிகாரி' என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் நம்பிவிடாதீர்கள். அந்த எண் அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பினால் விசாவைத் தேடச் சொல்லிக் கைபேசியை அவர் கையில் கொடுக்காதீர்கள். தூதரகப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து விசா தளத்துக்கு நீங்களே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான்கு பேர் குடும்பத்துக்கு அது 16,000 ரூபாய்.